உப்பு வீடியோவுக்கு ஒரு பதில்: சண்டையாகாமல் ஸ்டிச் செய்வது எப்படி

டெல்லியில் குளிர் இறங்கியதும் கரோல்பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் என்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் எல்லாப் பகுதிகளிலும் ஒரே புகார் எழும்: இட்லி மாவு பொங்கவில்லை. கூடவே அதற்குக் காரணம் சொல்லும் ரீல்ஸும் வரத் தொடங்கும். ஒருவர் காரணம் சொல்ல, இன்னொருவர் அந்த வீடியோவின் துண்டையே தன் வீடியோவில் ஒட்டி, அதாவது ஸ்டிச் செய்து, மறுக்க, மறுநாள் இருவருடைய கமெண்ட் பகுதியும் போர்க்களமாகிவிடும். மாவைப் பற்றிய பேச்சு எங்கே போனதென்றே தெரியாது.

இங்கே ஆராய்வது ஒரு குறிப்பிட்ட நபருக்கு நடந்ததல்ல. ஆண்டுதோறும் திரும்ப வரும் இந்தச் சூழலை ஒரே நிகழ்வாக அமைத்து, பதில் வீடியோவை முதல் வெட்டிலிருந்து கடைசி கமெண்ட் வரை செய்து பார்க்கிறோம்.

மூல வீடியோ

சொல்பவர் ஐம்பதை ஒட்டிய வயதுள்ள பெண். டெல்லித் தமிழர்களிடையே நன்றாகப் பார்க்கப்படும் சமையல் பக்கம் அவருடையது. அவர் பேசியது இவ்வளவுதான்:

"டெல்லி குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்குதுன்னு எத்தனை பேரு கேட்டீங்க! காரணம் உங்க உப்புதான். பாக்கெட் உப்புல அயோடின் இருக்கு, அது மாவைப் புளிக்க வைக்கிற கிருமியைக் கொன்னுடும்னு எங்க அம்மா சொல்லுவாங்க. நான் கல்லுப்புக்கு மாறினேன். ராத்திரி ஓவன்ல லைட் போட்டு வெச்சேன். காலையில பாருங்க, மூடியைத் தள்ளிட்டு நிக்குது! இனிமே பாக்கெட் உப்பே வாங்காதீங்க."

பதில் சொல்ல நினைப்பவர் முதலில் இந்தப் பேச்சைக் காகிதத்தில் எழுதிப் பிரிக்க வேண்டும். இதில் மூன்று தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. மாவு பொங்கியது என்பது அவர் கண்ணால் கண்டது, அது உண்மை. அயோடின்தான் காரணம் என்பது அவர் கொடுக்கும் விளக்கம், அது சரியில்லை. பாக்கெட் உப்பையே வாங்காதீர்கள் என்பது அறிவுரை, அதனால் கெடுதல் வரலாம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "தப்பு" என்று எறிந்தால், அவர் கண்ணால் கண்டதையும் பொய் என்று சொன்னதாக ஆகிவிடும். பொங்கிய பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் பொங்கவில்லை என்று யாராலும் நிறுவ முடியாது. பெரும்பாலான சண்டைகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

விளக்கம் ஏன் சரியில்லை? நம் ஊரில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். காயத்துக்குத் தடவும் அயோடின் வேறு வடிவம், அதன் செறிவும் பல மடங்கு அதிகம். வீட்டுக்கு வரும் உப்பில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அது 30 மில்லிகிராம் இருக்கிறதென்றே வைத்துக்கொண்டாலும், மாவில் போடும் 4 கிராம் உப்பில் வருவது ஒரு மில்லிகிராமில் எட்டில் ஒரு பங்கு. மாவைப் பொங்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவை அது தடுக்காது. தடுப்பது குளிர். மாவு நன்றாகப் புளிக்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். ஜனவரி இரவில் டெல்லி வெளிவெப்பம் 7, 8 டிகிரிக்கு இறங்குகிறது, மூடிய சமையலறையும் 15 டிகிரி பக்கம்தான் இருக்கும். ஓவன் விளக்கின் சூட்டில் வைத்ததுதான் அவருடைய மாவைப் பொங்கவைத்தது. அதையும் அவரே வீடியோவில் சொல்லியிருக்கிறார். பதில் சொல்பவருக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

எந்தக் கருவி

ஸ்டிச், டூயட் என்ற பெயர்கள் டிக்டாக்கிலிருந்து வந்தவை. அந்தச் செயலி இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் தடைசெய்யப்பட்டது. ஸ்டிச் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. ஆக, இங்கே பலரும் "ஸ்டிச் பண்ணேன்" என்று சொல்வது இன்ஸ்டாகிராம் ரீமிக்ஸையோ யூடியூப் ஷார்ட்ஸ் ரீமிக்ஸையோதான். இரண்டிலும் இரு வகை அமைப்பு உண்டு: மூலமும் நீங்களும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிவது ஒன்று, மூலத்தின் ஒரு துண்டு ஓடி முடிந்த பிறகு நீங்கள் வருவது இன்னொன்று. ஷார்ட்ஸின் வெட்டு 1 முதல் 5 விநாடி வரைதான் அனுமதிக்கும்.

மறுப்புக்குப் பக்கம் பக்கமான அமைப்பு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அவர் பேசும் நேரம் முழுவதும் உங்கள் முகமும் திரையில் இருக்கிறது. அந்த முகத்தால் சும்மா இருக்க முடியாது. புருவம் லேசாக ஏறினாலும், உதடு ஒரு பக்கம் இழுத்தாலும், பேச்சு முடியும்வரை காத்திருக்கும் பொறுமையின்மை தெரிந்தாலும், நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே பார்ப்பவர் தீர்ப்பை எழுதிவிடுகிறார். அதோடு நீளவாக்குத் திரை பாதியாகும்போது இருவரும் எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றும். அவர் செய்வதைப் பார்த்தபடியே கூடச் செய்து காட்டுவதற்கு அந்த அமைப்பு மிக நல்லது. கருத்தை மறுக்க, துண்டு முதலில் ஓடி, பிறகு நீங்கள் வருவதே நல்லது.

எங்கே வெட்டுவது

ஐந்து விநாடியில் சாதாரண வேகத்தில் பேசும் தமிழ் பத்துப் பன்னிரண்டு சொல்தான். அந்தப் பன்னிரண்டு சொல் எவை என்பதில்தான் பாதி மரியாதை இருக்கிறது.

தமிழில் ஒருவர் தன் பேச்சுக்கு வைக்கும் பாதுகாப்பெல்லாம் வாக்கியத்தின் வாலில் வரும். "கொன்னுடும்னு எங்க அம்மா சொல்லுவாங்க", "பொங்கும்னு நினைக்கிறேன்", "எங்க வீட்டுல அப்படித்தான்" எல்லாம் கடைசியில்தான் வருகின்றன. அவசரத்தில் வெட்டுபவர் "கிருமியைக் கொன்னுடும்" என்பதோடு நிறுத்திவிடுவார். அம்மாவிடமிருந்து கேட்டதாகச் சொன்ன பேச்சு, அவரே அறுதியிட்டுச் சொன்ன பேச்சாகிவிடும். மூலப் படைப்பாளிக்கு முதலில் கோபம் வருவது இதைப் பார்த்துத்தான், அந்தக் கோபம் நியாயமானது. வெட்டை வைப்பதற்கு முன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வாக்கியத்தின் வினைமுற்றுக்கு அடுத்த அரை விநாடியையும் கேளுங்கள். அங்கே "-ன்னு" என்ற ஒட்டு கேட்டால் வாக்கியம் இன்னும் முடியவில்லை.

இந்த வீடியோவில் பலரும் எடுப்பது "காரணம் உங்க உப்புதான்" என்ற இடத்தை. அது சூடான இடம், பார்ப்பவரை நிறுத்தும். ஆனால் அதை எடுத்தால் பதில் முழுக்க "இல்லை" என்பதன் மேலேயே நிற்க வேண்டியிருக்கும். எடுக்க வேண்டியது சற்றுத் தள்ளி இருக்கிறது: "நான் கல்லுப்புக்கு மாறினேன். ராத்திரி ஓவன்ல லைட் போட்டு வெச்சேன். காலையில பாருங்க." பத்துச் சொல், ஐந்து விநாடிக்குள் அடங்கும். அவர் மாற்றிய இரண்டு விஷயங்களும் அதில் இருக்கின்றன. அவர் முகத்தில் மகிழ்ச்சி இருக்கிறது. எரிச்சலான தருணத்தில் உறைந்துபோன முகம் இல்லை. துண்டு எந்த ஃபிரேமில் முடிகிறது என்பதையும் பாருங்கள். பாதி மூடிய கண்ணும் கோணிய வாயுமாக முடிந்தால் ஐந்தாறு ஃபிரேம் முன்னால் தள்ளி நிறுத்துங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. மூலத்தைப் பார்க்காதவருக்கு உப்பைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்று இந்தத் துண்டிலிருந்து தெரியாது. ஆகவே அதை நீங்கள் உங்கள் வாயால், அவர் சொன்ன அதே வலுவில், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் வாக்கியம்

துண்டு முடிந்ததும் ஒரு மூச்சு விடும் இடைவெளி கொடுங்கள், அரை விநாடி போதும். வெட்டியதும் உடனே பேச்சு தொடங்கினால் குறுக்கே பாய்ந்ததாகக் காதுக்குப் படும். ஒலியளவும் இதே வேலையைச் செய்துவிடும். மூல வீடியோ சமையலறைத் தூரத்தில் வைத்த ஃபோனில் மெலிதாகப் பதிவாகியிருக்கும். நீங்கள் மைக்கைச் சட்டையில் மாட்டிப் பேசியிருப்பீர்கள். இரண்டையும் அப்படியே ஒட்டினால் சாதாரணமாகப் பேசியதே அதட்டலாகக் கேட்கும். தொகுக்கும் திரையில் மூலத்தின் ஒலியையும் உங்கள் ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இருவரும் ஒரே அறையில் பேசுவதாகத் தோன்றும்வரை உங்களுடையதைக் குறையுங்கள்.

கெட்டுப்போகும் முதல் வாக்கியங்கள் நமக்குப் பழக்கமானவை. "இது சுத்தத் தப்புங்க" என்பதில் "ங்க" சேர்ந்தாலும் அடி அடிதான். "அயோடின் போட்டா மாவு புளிக்காதாம்" என்பதில் அந்த "ஆம்" ஒன்றே கிண்டலுக்குப் போதும். "இவங்க என்ன சொல்றாங்க பாருங்க" என்றால் பார்ப்பவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு அவரைச் சுட்டிக்காட்டுவதாகும். "மேடம்" என்ற விளி இந்த இடத்தில் பெரும்பாலும் நக்கலாகவே ஒலிக்கும். "அம்மா" வயதைச் சுட்டும். "அக்கா" நல்ல சொல்தான், ஆனால் முன்பின் பழகாத ஒருவரைத் திருத்தப் போகும்போது அது வலிந்து ஒட்டிய உறவாகத் தெரியும். அவர் தன் பக்கத்தில் எந்தப் பெயரில் தன்னை அழைத்துக்கொள்கிறாரோ அதையே சொல்லுங்கள், "அவங்க" என்று தொடருங்கள்.

டெல்லியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்குள்ள தமிழர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் பல சமூகங்களிலிருந்தும் வந்தவர்கள். ஒருவர் "பொங்கிடுத்து" என்பார், இன்னொருவர் "பொங்கிருச்சு" என்பார். மூலப் படைப்பாளியின் பேச்சுவழக்கை ஒரே ஒரு சொல்லில் நீங்கள் போலச்செய்தாலும் பேச்சு உப்பிலிருந்து சாதிக்குப் போய்விடும், அங்கிருந்து திரும்பாது. அவர் வாக்கியத்தை எடுத்துச் சொல்லும்போதும் உங்கள் வழக்கிலேயே சொல்லுங்கள்.

பதிலின் முழு உரை இப்படி அமையலாம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

"அந்த மாவு நிஜமாவே நல்லா பொங்கியிருக்கு, டெல்லி ஜனவரியில அது சின்ன விஷயமில்ல. அயோடின் உப்பு புளிக்க விடாதுன்னு அவங்க அம்மா சொல்வாங்களாம், அதனால கல்லுப்புக்கு மாறியிருக்காங்க. எங்க வீட்டுலயும் அதை நம்பினவங்க உண்டு. ஆனா அன்னிக்கு மாறினது ரெண்டு விஷயம்: உப்பு, ராத்திரி வெச்ச இடம். எதனால பொங்குச்சுன்னு தெரிஞ்சுக்க ஒரே மாவை நாலு பாட்டில்ல பிரிச்சேன். இது ரெண்டும் பாக்கெட் உப்பு, இது ரெண்டும் அயோடின் இல்லாத கல்லுப்பு. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு ஓவன்ல லைட் போட்டு, ஒண்ணு சமையலறை மேடையில. காலையில இதோ. ஓவன்ல இருந்த ரெண்டுமே பொங்கியிருக்கு, மேடையில இருந்த ரெண்டுமே அப்படியே இருக்கு. அதனால அவங்க சொன்ன ஓவன் லைட் வழியை எடுத்துக்கோங்க. கல்லுப்பு பிடிச்சா மாவுக்குப் போடுங்க. ஆனா மத்த சமையலுக்கு அயோடின் உப்பை நிறுத்திடாதீங்க, கர்ப்பமா இருக்கறவங்களும் குழந்தைகளும் இருக்கற வீட்டுல அது ரொம்பத் தேவை."

இங்கே வரும் "சொல்வாங்களாம்" கிண்டல் இல்லை. குரல் ஏறாமல், அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொன்னால் வெறும் தகவல்தான். அந்த இடத்தில் நிறுத்தி அழுத்தினால் கிண்டலாகிவிடும். உறுதியில்லையென்றால் "அம்மா சொன்னதா சொல்றாங்க" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உரை முழுவதும் ஒருமுறைகூட "தப்பு" என்ற சொல் வரவில்லை, ஆனாலும் விளக்கம் மறுக்கப்பட்டுவிட்டது. "கல்லுப்பு பிடிச்சா போடுங்க" என்ற வாக்கியத்தைச் சுருக்குவதற்காக நீக்கிவிடாதீர்கள். மூலப் படைப்பாளி நாளைக்கும் தன் சமையலறையில் அதே உப்பைப் போட வேண்டும். முகம் கோணாமல் போட அவருக்கு இடம் விடுவது அந்த வாக்கியம்தான். அயோடின் பற்றிய வாக்கியத்தில் மட்டும் தளர்த்தக் கூடாது. அயோடின் குறைபாட்டால் கழுத்துக் கழலை பரவலாக இருந்த இமயமலையடிவாரம் டெல்லிக்கு அதிக தூரமில்லை. உப்பில் அயோடின் சேர்த்தால் அது குறையும் என்று காட்டிய காங்க்ரா பள்ளத்தாக்கு ஆய்வு 1956-ல் தொடங்கியது. மரியாதையோடு பேசுவதற்காக அறிவுரையின் கெடுதலை விழுங்கிவிட்டால் பதில் போட்டதற்கே பொருளில்லை.

நான்கு பாட்டில்

சோதனை சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் கமெண்டில் அடி விழும். ஒரே அரைப்பில் வந்த மாவை, உப்பில்லாமல், ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் நான்கில் 400 மில்லி வீதம் ஊற்றுங்கள். தராசில் நிறுத்து ஒவ்வொன்றிலும் 4 கிராம் உப்பு போடுங்கள். கரண்டியால் அளந்தால் கல்லுப்பு குறைவாக விழும், ஏனென்றால் கற்களுக்கு இடையே காற்று இருக்கிறது. கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது விற்கிறது, ஆகவே பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அதையும் வீடியோவில் காட்டுங்கள். நான்கையும் ஒரே கரண்டியால் ஒரே எண்ணிக்கை கலக்குங்கள். கையால் கலந்தால் "கைச் சூடுதான் காரணம்" என்று ஒருவர் வருவார். மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள். ஓவனுக்குள் ஒன்று, மேடையில் ஒன்று என்று இரண்டு வெப்பமானி வைத்து, இரவிலும் காலையிலும் படம் எடுங்கள். சூட்டில் வைத்ததற்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போதும்.

காலையில் நான்கையும் ஒரே ஃபிரேமில் காட்டுங்கள். வென்ற பாட்டிலை மட்டும் நெருக்கத்தில் காட்டினால் சோதனையும் ஒரு வாதமாகிவிடும். நான்கில் ஏதாவது எதிர்பார்த்தபடி வராவிட்டால், அன்றைக்கு வீடியோவைப் போடாமல் மீண்டும் செய்யுங்கள்.

போடுவதற்கு முன்னும் பின்னும்

தொகுப்பில் சேர்க்கக் கூடாதவை: அவர் முகத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி, சடாரென்று நெருங்கும் ஜூம், பின்னணியில் நகைச்சுவை ஒலி, "உண்மை என்ன?" என்ற முகப்புத் தலைப்பு. அவர் பேசும் ஐந்து விநாடிக்கும் எழுத்து போடுவீர்களென்றால் அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் போடுங்கள். முகப்புப் படத்தில் அவர் வேண்டாம், நான்கு பாட்டில் போதும். தலைப்பு "குளிர்ல மாவு பொங்க உப்பா, சூடா?" என்பதுபோல் பொருளைப் பற்றியே இருக்கட்டும்.

வெளியிடுவதற்கு முந்தைய நாள் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். "வணக்கம். உங்க இட்லி மாவு வீடியோ பார்த்தேன், ஓவன் லைட் யோசனை எனக்கும் நல்லா வேலை செஞ்சது. உப்பு பற்றின பகுதியை மட்டும் சோதிச்சுப் பார்த்தேன், முடிவு கொஞ்சம் வேற மாதிரி வந்தது. நாளைக்கு ரீமிக்ஸா போடலாம்னு இருக்கேன். உங்க பேச்சுல எதையாவது நான் சரியா புரிஞ்சுக்கலைன்னா சொல்லுங்க." இது அனுமதி கேட்கும் கடிதமல்ல. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்த அவருக்கு ஒரு நாள் தருகிறது, அவ்வளவுதான். பதில் வராவிட்டால் போடலாம்.

பெரும்பாலும் கெடுவது அதற்குப் பிறகுதான், அதுவும் உங்கள் ரசிகர்களால். முதல் ஒரு மணி நேரத்தில் "நல்லா கொடுத்தீங்க", "அந்தம்மாவுக்கு வேற வேலையில்ல" என்று வரும். அதில் ஒன்றுக்கு இதயக்குறி போட்டாலும் அது உங்கள் குரலாகிவிடும். வெளியிட்ட உடனே நீங்களே ஒரு கமெண்ட் எழுதி மேலே பின் செய்யுங்கள்: "ஓவன் லைட் யோசனை அவங்களோடதுதான், முழு வீடியோவையும் அவங்க பக்கத்துல பாருங்க." ஆளைத் தாக்கும் கமெண்டுகளை நீக்குங்கள். வயது, சாதி, பேச்சுவழக்கைச் சுட்டும் சொற்களை வடிகட்டிப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்து வைத்தால் அவை தாமாகவே மறையும். "அவங்க சொன்னதுல பாதி சரிதான், ஓவன்ல வெச்சது சரியான வழி" என்று நாலைந்து பேருக்குப் பொறுமையாகப் பதில் எழுதினால் கமெண்டின் போக்கே மாறும். பின்னால் வருபவர்கள் முன்னால் வந்தவர்களின் தொனியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அவர் திரும்பப் பேசினால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். அவர் கமெண்டில் வந்து "நானும் செஞ்சு பார்க்கிறேன்" என்றால், உங்கள் கமெண்டை எடுத்துவிட்டு அவருடையதைப் பின் செய்யுங்கள். கோபமாக ஒரு வீடியோ போட்டால் அதை மீண்டும் ரீமிக்ஸ் செய்யாதீர்கள். இரண்டாவது ரீமிக்ஸிலிருந்து பார்ப்பவர் பாட்டிலைப் பார்ப்பதில்லை, யார் ஜெயிக்கிறார் என்றுதான் பார்க்கிறார். அவர் சொன்னதில் நியாயமான கேள்வி இருந்தால், "ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சா மாவு ஓரத்துல காயாதா?" என்பதுபோல், அதற்கு மட்டும் அவருடைய கமெண்டிலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

அவர் ரீமிக்ஸை முடக்கி வைத்திருந்தால் திரையைப் பதிவு செய்து ஒட்டாதீர்கள். தன் முகத்தை எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். "அயோடின் உப்பால மாவு புளிக்காதுன்னு பல பேர் சொல்றாங்க" என்று தொடங்கினால் அதே நான்கு பாட்டிலோடு அந்த வீடியோ அப்படியே நிற்கும். மூலப் பக்கத்துக்கு நானூறு ஐநூறு பேர்தான் பின்தொடர்பவர்கள், உங்களுக்குப் பல ஆயிரம் என்றாலும் இதுவே வழி. அவ்வளவு சிறிய பக்கத்தின் மேல் உங்கள் கூட்டத்தைத் திருப்பிவிட்ட பிறகு, எந்தப் பணிவான வாக்கியமும் அவருக்குக் கேட்காது.